ஆண்கள் அலுவலகத்துக்குக் கொண்டை போட்டுப் போவது: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தம்பிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

“அண்ணா, முடி எவ்வளவு நீளம் இருந்தா கொண்டை போட முடியும்? எனக்கு இப்போ தாடை வரைக்கும் வருது.”

தாடை வரை வந்துவிட்டால் பாதி வழி வந்தாயிற்று, தம்பி. ஆனால் அளக்க வேண்டிய இடம் தாடை இல்லை. முன்நெற்றி ஓரத்தில் இருக்கும் முடியைப் பின்னால் இழுத்துப் பார். அது பின்மண்டை மேட்டைத் தாண்டி இன்னும் நான்கு விரல் அகலம் நீண்டால் கட்டலாம். பலருக்கு அதற்குக் குறைந்தது 30 சென்டிமீட்டர், அதாவது ஒரு அடி ஸ்கேல் நீளம் வேண்டும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரோ கொஞ்சம் கூடவோதான் வளரும். ஆகவே சாதாரண கிராப்பிலிருந்து தொடங்கினால் இரண்டு வருடம் ஆகும் என்றே கணக்குப் போட்டுக்கொள்.

நீ இப்போது இருக்கும் கட்டம்தான் அலுவலகத்தில் மிகவும் சங்கடமானது. பின்னால் கட்டினால் முன்முடி கழன்று முகத்தில் விழும், விட்டால் சட்டைக் காலரில் உட்கார்ந்து நெளியும். இதற்கு ஒரு வழி உண்டு. மேல்முடியையும் முன்முடியையும் தொடாமல், பிடரி முடியை மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சலூனில் குறைத்துக்கொள். பிடரி காலரைத் தொடாமல் இருந்தால் மேலே எவ்வளவு வளர்ந்தாலும் எண்ணெய் தொட்டுப் பின்னால் சீவி ஒழுங்காகக் காட்டலாம். மேல்முடி பின்மண்டை மேட்டை எட்டிய பிறகு பிடரியை வளர விடு. பாதி முடியை மட்டும் உச்சியில் முடிந்து, மீதியைத் தொங்கவிடும் பாதிக் கொண்டை ஞாயிற்றுக்கிழமைக்கு நன்றாக இருக்கும். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு எனக்கு அது சரிப்படவில்லை. அது ஒழுங்கு செய்த முடியாகத் தெரியாது, வளர்ந்துவிட்ட முடியாகத்தான் தெரியும்.

“உச்சியில போட்டா எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. கீழ போட்டா பொம்பளப் புள்ள மாதிரி இருக்குன்னு வீட்ல சொல்றாங்க. எங்கதான் போடறது?”

இரண்டுக்கும் நடுவில். காதின் மேல்முனையிலிருந்து இரண்டு கைவிரல்களையும் பின்பக்கம் நேராக ஓட்டிக்கொண்டு போ. கொஞ்சம் கீழே, மண்டை ஓட்டில் லேசாக ஒரு மேடு கையில் தட்டுப்படும். ரப்பர் பேண்ட் அந்த மேட்டின் மேல் உட்கார வேண்டும். அங்கே கட்டினால் முன்னாலிருந்து பார்ப்பவருக்குக் கொண்டையே தெரியாது, முகமும் இரண்டு காதும் மட்டும் தெளிவாகத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் தலையின் வளைவோடு ஒட்டியிருக்கும். எதிரில் உட்கார்ந்து பேசுபவர் கண்ணுக்கு இது வெறும் வழித்துச் சீவிய தலைதான்.

மேட்டுக்குக் கீழே பிடரியில் கட்டினால் தலையைத் திருப்பும்போதெல்லாம் காலர் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கலைக்கும். நாற்காலியில் சாய்ந்தால் பின்னால் முட்டும். உச்சியில் கட்டினால் பிடரி முடியின் எடை முழுவதும் மேல்நோக்கி இழுபடுவதால் மாலைக்குள் தலை வலிக்கும். இடத்தை இந்தக் காரணங்களை வைத்து முடிவு செய். ஊர் என்ன சொல்லும் என்பதை அப்புறம் பார்க்கலாம்.

“யூடியூப்ல பாத்தா பத்து செகண்ட்ல போட்டுடறாங்க. எனக்கு வரவே மாட்டேங்குது. மெதுவா, ஒண்ணொண்ணா சொல்லுங்க.”

முதலில் சாமான். வளையல் கடையிலோ ஃபேன்சி ஸ்டோரிலோ துணி சுற்றிய கறுப்பு ரப்பர் பேண்ட் கேள். நடுவில் தகரத்தால் ஒட்டிய இணைப்பு இருக்கக் கூடாது. அந்தத் தகரம்தான் முடியைக் கவ்விப் பிடுங்கும். பார்சல் கட்டும் மஞ்சள் ரப்பரை முடிக்குப் போடவே போடாதே. மெல்லியது ஒன்று, கொஞ்சம் தடித்தது ஒன்று என இரண்டு பேண்ட் வாங்கு. கூடவே கொண்டை ஊசி, அதாவது இரண்டு கால் விரிந்து வளைந்த கறுப்பு ஊசி, நான்கு போதும். பல் அகன்ற சீப்பு ஒன்றும் வேண்டும். நெருக்கமான பல் வைத்த சீப்பு மேற்பரப்பை வழிக்க மட்டும்தான், சிக்கு எடுக்க அல்ல.

சிக்கை நுனியிலிருந்து எடு. நுனியில் ஒரு சாண் சீவு, பிறகு கொஞ்சம் மேலே, கடைசியில்தான் வேரிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பு. வேரிலிருந்து தொடங்கினால் எல்லாச் சிக்கும் கீழே இறங்கி ஒரே முடிச்சாகி, அங்கே முடி அறுந்துபோகும். சீப்பில் வரும் முடி குட்டையாக, இரு பக்கமும் மொட்டையாக இருந்தால் அது உதிர்ந்த முடி இல்லை, அறுந்த முடி. உதிர்ந்ததாக இருந்தால் ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருக்கும்.

அடுத்தது தலையை வைக்கும் விதம், இதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். தலையைக் குனிந்துகொண்டு முடியை வாரினால் பிடரித் தோல் விரிந்திருக்கும். கட்டிவிட்டு நிமிர்ந்தவுடன் அந்தத் தோல் சுருங்க, பிடரி முடி தொளதொளவென்று கீழே பை மாதிரி இறங்கும். ஆகவே முகவாயைச் சற்றே தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு வாரு. இரண்டு உள்ளங்கையாலும் காதுக்கு மேல் உள்ள முடியை வழித்துப் பின்னால் கொண்டுவந்து, ஒரு கையால் மேட்டின் மேல் பிடித்துக்கொள். மறுகையால் பிடரி முடியை மேல்நோக்கி வழித்து அந்தப் பிடியில் சேர். இப்போது மெல்லிய பேண்டை இரண்டு சுற்று, மூன்றாவது இறுகினால் மூன்று. இங்கே நிறுத்தி, குதிரைவாலாக நிற்க விடு. இது அடித்தளம். கொண்டை இதன் மேல்தான் உட்காரும்.

வாலை ஒரு கையால் பிடித்து ஒரே திசையில் முறுக்கு. வலது கைக்காரருக்கு வலப்பக்கமாக முறுக்குவது சுலபம். முறுக்க முறுக்க ஒரு கட்டத்தில் அது தானாகவே மடங்கிச் சுருளப் பார்க்கும். அது எந்தப் பக்கம் சுருளப் பார்க்கிறதோ அந்தப் பக்கமே பேண்டைச் சுற்றிச் சுற்று. எதிர்ப்பக்கம் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கு அவிழும், எத்தனை ஊசி குத்தினாலும் நிற்காது. சுற்றும்போது ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றாமல், தலையோடு ஒட்டி வெளிப்பக்கமாக அடுத்தடுத்து வை. முறுக்கு போட்டுச் சுட்ட கை இருந்தால் இது சொல்லவே வேண்டாம். உயரமாக எழுந்த கொண்டை சரியும், தட்டையான கொண்டை நிற்கும். நுனியை அடித்தள பேண்டுக்கு அடியில் செருகிவிட்டு, இரண்டாவது பேண்டை மொத்தத்துக்கும் வெளியே ஒரு சுற்று அல்லது இரண்டு சுற்று போடு.

கடைசியாக ஊசி. கொண்டை ஊசியை நேராகக் குத்துவதால்தான் அது நழுவி விழுகிறது. ஊசியின் முனையைக் கொண்டையின் வெளிச்சுற்றில் வைத்து, முனை வெளிப்பக்கம் பார்க்கும்படி கொஞ்சம் முடியைக் கோத்துக்கொள். பிறகு தலையோடு ஒட்டிய முடியிலும் கொஞ்சம் கோத்து, ஊசியை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி, கொண்டையின் நடுவை நோக்கித் தள்ளு. திருப்பும்போது கோத்த முடி இறுகி ஊசியைப் பூட்டிக்கொள்ளும். மேலே, கீழே, இரு பக்கம் என நான்கு. சரியாகக் குத்தியிருந்தால் தலையை ஆட்டினால் கொண்டை தனியாக ஆடாது, மண்டையோடு சேர்ந்து ஆடும். ஊசி தோலைக் குத்தக் கூடாது. குத்தினால் எடுத்துவிட்டு மறுபடி போடு. “கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்” என்று விடாதே, பழகாது.

பத்து செகண்டில் போடுகிறவர்கள் செய்வது வேறு. கடைசிச் சுற்றில் வாலை முழுவதும் இழுக்காமல் பாதியில் நிறுத்தி வளையமாக விடுவார்கள். வீட்டில் இருக்க அது போதும். அலுவலகத்தில் அந்த நுனி சேவல் வால் போல நீட்டிக்கொண்டே இருக்கும்.

“காலைல கண்ணாடி முன்னாடி சூப்பரா இருக்கு. மத்தியானம் சாப்பிட்டு வந்தா கழண்டு தொங்குது. என்னதான் காரணம்?”

காரணத்தைக் கொண்டையே சொல்லும். தொங்கிய நிலையில் உடனே அவிழ்க்காமல், பேண்டுக்கும் தலைக்கும் நடுவில் விரல் விட்டுப் பார். அங்கே இடைவெளி இருந்தால் அடித்தளம் நழுவியிருக்கிறது. அடித்தளம் இறுக்கமாகவே இருந்து, மேலே சுற்றியது மட்டும் தளர்ந்திருந்தால் முறுக்கிலோ ஊசியிலோ தப்பு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல், பேண்டை இன்னும் இறுக்கிக்கொண்டே போவதுதான் எல்லோரும் செய்வது.

காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு கணக்கர் அலுவலக வேலைக்கு வரும் தம்பி ஒருவர் இதே குறையோடு என்னிடம் வந்தார். தோள்பட்டைக்குக் கீழே வரும் அடர்த்தியான முடி. மதியம் 2 மணிக்கெல்லாம் கொண்டை பிடரிக்கு இறங்கிவிடும். விசாரித்தால், காலையில் ஷாம்பு போட்டுக் குளித்து, கண்டிஷனரும் போட்டுவிட்டு, ஒரே ஒரு தடித்த பேண்டை வைத்து வாலையும் கொண்டையையும் சேர்த்துக் கட்டுகிறார். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது என்றேன்.

முதலில் பேண்டை மட்டும் இரண்டாக்கினார். வாலுக்கு ஒன்று, கொண்டைக்கு ஒன்று. அன்று மாலை அடித்தளம் அசையவில்லை, ஆனால் கொண்டை தளர்ந்து அதன் மேலேயே தொங்கியது. சரி, பாதிப் பிரச்சினை முடிந்தது. அடுத்து என் எதிரில் போட்டுக் காட்டச் சொன்னேன். வலப்பக்கம் முறுக்கிவிட்டு இடப்பக்கம் சுற்றுகிறார். யாரோ ஒரு வீடியோவைக் கண்ணாடி பிம்பமாகப் பார்த்துப் பழகியது. திசையை மாற்றியதும் ஒரு சுற்று குறைவாகவே கொண்டை அடங்கியது, ஏனென்றால் முறுக்கு அவிழாததால் வால் மெல்லியதாகவே இருந்தது. கடைசியில் தலைக்குக் குளிப்பதை முந்தைய நாள் சாயங்காலத்துக்கு மாற்றினார். அன்றே கழுவிய முடி வழுவழுவென்று இருக்கும், ஒரு முடி இன்னொன்றைப் பிடிக்காது. ஓர் இரவு தாண்டினால் தலையில் ஊறும் லேசான எண்ணெய்ப் பசையே பிடிமானம் தரும். இப்போது அவர் வீட்டுக்குப் போய்த்தான் அவிழ்க்கிறார். அதுவும் பேண்டை முன்பு போட்டதைவிட ஒரு சுற்று குறைவாகத்தான் போடுகிறார்.

உன் முடி மிகவும் மெல்லியதாக, வழுக்கலாக இருந்தால் இதெல்லாம் செய்தும் கொஞ்சம் இறங்கும். அப்போது வாலைக் கட்டும் முன் அந்த இடத்தில் மட்டும் விரலில் தொட்டுக் கொஞ்சம் தண்ணீர் தடவு. சுருட்டை முடிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அவர்களுக்கு ஊசியே தேவைப்படாமல் நிற்கும்.

“பைக்லதான் போறேன். ஹெல்மெட் போட்டா கொண்டை இடிக்குது. ஹெல்மெட்டைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிப் போட்டுக்கலாமா?”

வேண்டாம், தம்பி. தேசிய நெடுஞ்சாலை 44இல் ஓசூர் பக்கம் போகும் கிரானைட் லாரிகளுக்கு நடுவில் ஓட்டுகிறவன் கேட்கிற கேள்வியா இது? கொண்டை மேல் ஹெல்மெட் உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் பஞ்சு தலையைத் தொடாது. ஹெல்மெட் முன்னாலோ பின்னாலோ சாய்ந்து நிற்கும். பட்டையை மாட்டிக்கொண்டு, பின்விளிம்பில் கை வைத்து மேல்நோக்கித் தள்ளிப் பார். முன்பக்கம் உருண்டு கழன்று வந்தால், விழும்போதும் அப்படியே கழன்று போகும். முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் இருக்க வேண்டும். அதைவிட மேலே ஏறியிருந்தால் கொண்டை தூக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

வழி எளிது. வீட்டிலிருந்து கிளம்பும்போது கொண்டையே போடாதே. முடியை வாரி, பிடரிக்குக் கீழே தளர்வாக ஒரே ஒரு பேண்ட். வாலைச் சட்டைக்குள் முதுகுப் பக்கம் விட்டுக்கொள். வெளியே பறந்தால் காற்றில் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு, போய்ச் சேரும்போது அவிழ்க்க முடியாத சிக்காகிவிடும். அதில் லாரிப் புழுதியும் சேரும். தலைக்கு மெல்லிய பருத்திக் கைக்குட்டை கட்டி, அதன் மேல் ஹெல்மெட். வியர்வை கைக்குட்டையோடு போகும், ஹெல்மெட் உள்பஞ்சு நாறாது.

அலுவலகம் போனதும் வண்டி ஸ்டாண்டிலோ கைகழுவும் இடத்துக் கண்ணாடியிலோ கொண்டை போட்டுக்கொள். கை பழகிவிட்டால் இரண்டு மூன்று நிமிட வேலை. இரண்டு பேண்டும் நான்கு ஊசியும் சீப்பும் போட்டு வைக்க டிபன் பையிலேயே ஒரு சின்ன ஜிப் பை வைத்துக்கொள். கண்ணாடி இல்லாவிட்டாலும் கையால் தடவியே போட வர வேண்டும். மேடுதான் அடையாளம்.

பஸ்ஸில் வருபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, வீட்டிலேயே போட்டுக்கொண்டு வரலாம். ஜன்னலோர சீட்டை மட்டும் தவிர்த்துவிடு.

“எங்க ஊர்ல போர் தண்ணி. ஷாம்பு நுரையே வராது. முடி தென்னம்நார் மாதிரி ஆயிடுச்சு.”

இது நம் இரண்டு மாவட்டத்துக்கும் பொதுவான குறை. நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும்தான் கெடுக்கும். முடியை நாராக்குவது அது இல்லை, தண்ணீரின் கடினத்தன்மை. கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து முடியின் மேல் படிந்துவிடும். பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற அதே சமாச்சாரம்தான். படிந்த முடி சொரசொரப்பாக விறைத்து நிற்கும், வழித்தாலும் படியாது, கொண்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

போர் தண்ணீரில் குளித்தாலும் பரவாயில்லை, கடைசியாக அலச மட்டும் வேறு தண்ணீர் வை. ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் ஒரு சின்ன பக்கெட் பிடித்து வைத்துக்கொள். மழைக்காலத்தில் மொட்டைமாடித் தண்ணீர் இன்னும் நல்லது. இரண்டும் இல்லையென்றால் வாரம் ஒருமுறை ஒரு பெரிய மக் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து வடிகட்டி, முடியின் நீளத்தில் மட்டும் ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு அலசு. புளிப்பு அந்தப் படிவைக் கரைக்கும். தலையில் புண்ணோ சிராய்ப்போ இருந்தால் வேண்டாம், எரியும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

“என் பையன் தலைக்குக் குளிச்சதும் ஈரத்தோடவே முடிஞ்சுக்கிட்டு வேலைக்கு ஓடறான். சொன்னா கேக்க மாட்டேங்கறான். நீங்களாவது சொல்லுங்க சார்.”

உங்கள் பக்கம்தான் நியாயம், அம்மா. ஈரமான முடி வலுவிழந்திருக்கும், அதிகம் நீளும், சுலபமாக அறும். ஈரத்தில் இறுக்கிக் கட்டினால் காயும்போது பேண்ட் பட்ட இடத்திலேயே அறுந்து போகும். முறுக்கிய கொண்டையின் உள்பக்கம் சாயங்காலம் வரை காயாது. அவிழ்த்தால் ஈரத்துணி வாடை அடிக்கும், தலையில் அரிப்பும் பொடுகும் கூடும். தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் மார்கழிக் காலையில் குளித்தால் முடி காய இரண்டு மணி நேரம்கூட ஆகும். அதனால் குளியலைச் சாயங்காலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ஏற்கெனவே சொன்னபடி மறுநாள் கொண்டையும் நன்றாக நிற்கும். இந்தக் காரணத்தைச் சொன்னால் ஒருவேளை கேட்பான்.

எண்ணெய் வைப்பதாக இருந்தால் குளிக்கப் போகும் முன் வையுங்கள். வேலைக்குப் போகும்போது உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேய்த்து மேலாக வழித்தால் போதும். அதற்கு மேல் வைத்தால் சட்டைக் காலரும், நாற்காலியின் தலைப்பகுதியும் சொல்லிவிடும்.

“கொண்டை போட ஆரம்பிச்சதிலிருந்து நெற்றி ஏறின மாதிரி இருக்கு. முடி கொட்டிடுமா?”

கொண்டை போடுவதால் கொட்டாது, இறுக்குவதால் கொட்டும். தினமும் ஒரே இடத்தில் ஒரே திசையில் வேரை இழுத்துக்கொண்டே இருந்தால் நெற்றியோரமும் காதுக்கு முன்புறமும் முடி மெலியும். முதலில் தெரிவது வலி. பிறகு மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்புளம், சிவப்பு. பிறகு அந்த ஓரத்தில் நீளமுடி போய்ப் பூனைமுடி மட்டும் மிஞ்சும். இந்தக் கட்டத்தில் இழுப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வளரும். வருடக்கணக்கில் விட்டால் வேர் தழும்பாகிவிடும், அதன் பிறகு வளராது.

கட்டி முடித்ததும் புருவத்தை உயர்த்திப் பார். நெற்றித் தோல் தடையில்லாமல் நகர வேண்டும். கண்ணோரம் இழுபட்டால் இறுக்கம் அதிகம். அப்போது அவிழ்க்க வேண்டாம், இரண்டு உள்ளங்கையையும் பக்கவாட்டில் வைத்து முடியைக் கொண்டையிலிருந்து ஒரு நூல் அளவு முன்பக்கம் தள்ளிவிடு. இராத்திரி அவிழ்க்கும்போது வேரெல்லாம் வலித்தால் அன்று முழுவதும் இறுக்கமாக இருந்தது என்று அர்த்தம். தூங்கும்போது கொண்டை வேண்டாம். விடுமுறை நாளில் கட்டும் இடத்தை மேலே கீழே மாற்று, அல்லது விட்டுவிடு.

ஆனால் ஒன்று. உன் அப்பாவுக்கும் மாமாவுக்கும் 30 வயதிலேயே இரண்டு ஓரமும் ஏறியிருந்தால், உச்சியிலும் மெலிந்தால், அது பரம்பரை வழுக்கையாக இருக்கலாம். இழுத்ததால் வருவது பெரும்பாலும் இழுபட்ட ஓரங்களில்தான் வரும். சந்தேகம் இருந்தால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி இடத்தில் தோல் மருத்துவரைப் பார். விளம்பரத்தில் வரும் எண்ணெய்க்குக் காசு கொடுக்கும் முன் இதைச் செய்.

“காதுக்கு மேல, நெத்தி ஓரத்துல குட்டிக் குட்டியா முடி எழுந்து நிக்குது. அதுதான் பாக்க அசிங்கமா இருக்கு.”

அவை புதிதாக வளர்கிற முடிகள், அல்லது அறுந்தவை. கொண்டை எட்டாத நீளம். இறுக்கினால் அடங்காது. பழைய டூத் பிரஷ் ஒன்றைக் கழுவிக் காய வைத்து, அதில் பயறு அளவு கற்றாழை ஜெல் தொட்டு, முடி போகிற திசையிலேயே மெதுவாக வழி. காயும் வரை ஒரு நிமிடம் கைக்குட்டையை அழுத்திக் கட்டி வை. காதுக்குப் பின்னால் ஏதாவது ஓர் இழை நீண்டு நின்றால் ஸ்லைடு பின் ஒன்று குத்து. அதில் நெளிநெளியாக இருக்கும் பக்கம் தலையோடு ஒட்ட வேண்டும், நேரான பக்கம் வெளியே. பலர் தலைகீழாகக் குத்துவதால்தான் வழுக்கி விழுகிறது.

“ஓசூர்ல கம்பெனி. நான் ஆபீஸ் ஸ்டாஃப்தான், ஆனா ஷாப் ஃப்ளோருக்கும் போகணும்.”

அப்படியானால் உனக்கு விதி ஒன்றே. சுழலும் இயந்திரம் இருக்கும் இடத்துக்குள் ஓர் இழைகூடத் தொங்கக் கூடாது. லேத்திலோ டிரில்லிலோ முடி மாட்டினால் கையை எடுக்கும் முன் தலைத்தோலோடு போகும். கொண்டை, அதன் மேல் வலைத் தொப்பி, அதன் மேல் கம்பெனி கொடுக்கும் தொப்பி. பாதுகாப்பு ஹெல்மெட் போட வேண்டிய பகுதி என்றால் கொண்டையைப் பிடரிக்கு இறக்கித் தட்டையாகப் போடு, இல்லையென்றால் அது தலையில் உட்காராது. அடையாள அட்டைக் கயிறு வாலில் சிக்கும், அதையும் சட்டைக்குள் விடு.

“இன்டர்வியூவுக்குக் கொண்டையோட போகலாமா? வெட்டிட்டு வான்னு சொன்னா?”

போகலாம். ஆனால் கொண்டை உள்ளவனிடம் மற்ற எல்லாம் இரண்டு மடங்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதே உண்மை நிலை. தாடி இருந்தால் ஓரம் வெட்டியிருக்க வேண்டும், காலர் சுத்தமாக இருக்க வேண்டும். ரப்பர் பேண்ட் கறுப்பு நிறம் மட்டும். வேலை கிடைத்த பிறகு, சேரும் முன், “முடி பற்றி உங்கள் விதியில் என்ன இருக்கிறது” என்று மனிதவளத் துறையிடம் நேராகக் கேள். முடிந்தால் மெயிலில் கேள். வெட்டச் சொல்லிவிட்டால் வெட்டுவதா, வேறு வேலை பார்ப்பதா என்பது உன் முடிவு. அதை நான் சொல்ல முடியாது.

அலுவலகத்துப் பெரியவர்கள் “திருப்பதியா, பழனியா?” என்று கேட்பார்கள். கூத்தில் வேஷம் கட்டுகிறாயா என்றும் கேட்பார்கள், நம் பக்கத்தில் அப்படிக் கேட்பதில் தப்பும் இல்லை. “வேண்டுதல் இல்லைங்க, சும்மா வளர்த்தேன்” என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டு வேலையைப் பார். வேண்டுதல் என்று பொய் சொல்லாதே. எப்போது மொட்டை என்று மாதா மாதம் கேட்பார்கள்.

“வளக்கறப்போ நடுவுல வெட்டவே கூடாதா? சலூன்காரர்கிட்ட என்ன சொல்றது?”

மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை நுனியில் ஒரு சென்டிமீட்டர் வெட்டு. வெட்டினால் வேகமாக வளரும் என்பது கதை, வளர்வது வேரில்தான். ஆனால் பிளந்த நுனி மேலே மேலே பிளந்துகொண்டு போகும், கொண்டையில் செருக முடியாமல் குச்சி மாதிரி வெளியே நிற்கும். அதற்காகத்தான் வெட்டுவது.

சலூன்காரரிடம் “டிரிம்” என்று மட்டும் சொன்னால் பாதி போய்விடும். முடியை வாரிப் பின்னால் கட்டிக் காட்டி, நுனியைக் கையில் பிடித்து, “இந்த நகம் அளவு மட்டும், நேராக, லேயர் வேண்டாம்” என்று சொல். லேயர் வெட்டினால் மேலடுக்கு குட்டையாகி கொண்டைக்கு எட்டாமல் போய்விடும், மறுபடி ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். கழுத்துப் பின்னால், மயிர்க்கோட்டுக்குக் கீழே வளரும் பூனைமுடியை மட்டும் டிரிம்மரால் சுத்தம் செய்யச் சொல். கொண்டை போட்டால் வெளியே தெரிவது அந்த இடம்தான், அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே யாரையாவது விட்டு எடுத்துக்கொள்ளலாம்.